கடைசி வாரத்தில் கனம் கூடுமா?

கேள்வி: வலுதூக்கும் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது. ஸ்குவாட்டில் 180 கிலோ தூக்குகிறேன். கடைசி நாள்வரை முழுமூச்சாகப் பயிற்சி செய்யலாமா?
- வாசகர், பிளவக்கல்

பதில்: செய்யலாம், போட்டியன்று உங்களைத்தான் யாராவது தூக்கிவர வேண்டும்! கடைசி வாரங்களில் புதுப் பலம் சேராது. தேங்கிய களைப்புதான் வடியும். உங்கள் ஊர் அணையில் தேக்கியதை மதகு திறந்துவிடும் நேரம் இது. மழைக்கு மனுப்போடும் நேரமல்ல.

டெட்லிஃப்டில் கடைசிப் பெரிய எடையைப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே முடியுங்கள். ஸ்குவாட்டில் ஒரு வாரம் முன்பு. பிறகு செட்டுகளைப் பாதியாக்குங்கள். எடையை மட்டும் ரொம்பக் குறைக்காதீர்கள். குறைத்தால் மேடையில் அதே எடை அந்நியமாகக் கனக்கும்.

முதல் முயற்சிக்கு 165 கேளுங்கள்: தூக்கம் கெட்ட நாளிலும் தவறாத எடை. இரண்டாவது 175. அது சட்டென எழுந்தால் 182.5, தள்ளாடினால் 177.5. தவறவிட்டால் அதே எடையை மறுபடி முயலலாம், குறைத்துக் கேட்க விதியில்லை. ஸ்குவாட்டில் மூன்றும் போனால் மொத்த எடைக் கணக்கிலிருந்தே வெளியே.

எதிராளியை மிரட்ட 180-இல் தொடங்குபவர், பெரும்பாலும் எதிராளிக்கே பதக்கம் வாங்கித் தருகிறார்!