நான்கு வரிக்குள் ஓர் ஏரி

அக்கா மகனுக்கு வீட்டுப்பாடம்: ஏரியைப் பற்றிய பத்தியை நான்கு வரியில் சுருக்கி எழுத வேண்டும். பத்தி வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. எடுத்தவரின் கட்டைவிரல் நிழல் நடுவில். வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. தமிழில் வலது ஓரம் போனால் வினைமுற்றும் போகும். ஆமா இல்லையா என்பது அங்கேதானே குடியிருக்கிறது! "கரையடியில் மண் எடுக்கக் கூ" என்பதோடு படம் முடிந்தது. பையன் தயங்காமல் "கூடும்" என்று முடித்து, கரையை உடைக்க அனுமதி கொடுத்துவிட்டான்.

"மாமா, நாலு வரி வந்துடுச்சு!" வந்திருந்தது. பத்தியின் முதல் நான்கு வரிகள், எழுத்துப் பிசகாமல். அதில் ஏரியின் அழகும் கொக்குகளும் மட்டும்.

உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் நீக்கிப் பார்த்தோம். கொக்கு பறந்தது, ஏரிக்கு ஒன்றும் ஆகவில்லை. மடையை நீக்கினால் வயலுக்குத் தண்ணீர் இல்லை. கலிங்கை நீக்கினால் மிகுநீர் போக வழியின்றிக் கரை உடையும். ஆக, மடை, கலிங்கு, வண்டல் அள்ளுவது, "கூடாது" ஆகிய நான்கும் தங்கின.

எல்லாம் சேர்ந்து ஐந்தரை வரி. பையன் பேனாவை இறுக்கிப் பிடித்து, எழுத்தை எறும்பளவாக்கி, நான்கு வரியில் அடக்கிவிட்டான். வரி என்றால் எவ்வளவு நீளம் என்று கேள்வியில் இல்லையே!