பெரியப்பா பெயரில் ஒரு சிம்

செல்போன் கம்பெனி தரும் ஆப்புக்கு இப்போதெல்லாம் பாஸ்வேர்டு கிடையாது. நம்பரைத் தட்டினால் ஓடிபி வரும், ஓடிபியைத் தட்டினால் உள்ளே விடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓடிபி அதே நம்பருக்குத்தான் வரும். அதாவது வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சிம் உயிரோடு இருக்கிறவரை இது யாருக்கும் உறைப்பதில்லை.

என் சிம்முக்கு ஆயுசு கெட்டிதான். 2006இல் வாங்கியபோது அது கிட்டத்தட்ட தபால் தலை அளவுக்கு இருந்தது. பிறகு மைக்ரோ சிம் வந்தபோது ஒரு கடைக்காரர் கட்டரில் வைத்து ஓரத்தை நறுக்கினார். நானோ சிம் வந்தபோது இன்னொருவர் மிச்சத்தையும் நறுக்கினார். பிளாஸ்டிக் எல்லாம் போய், வெறும் செப்புப் பட்டை மட்டும் பிடிவாதமாக உழைத்துக்கொண்டிருந்தது. புதுப் போனில் போட்டதும் அதுவும் கண்ணை மூடிவிட்டது. போன் குற்றமா, சிம் குற்றமா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: அதே சிம்மை வேறு போனில் போட்டுப் பார்க்க வேண்டும், வேறு சிம்மை இந்தப் போனில் போட்டுப் பார்க்க வேண்டும். மனைவியின் சிம் என் போனில் உடனே சிக்னல் எடுத்தது. என் சிம்மை அவள் போனும் ஏற்கவில்லை. "உங்க சிம்மாச்சே" என்றாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் ஆபீசில் கடைசி மூன்று மாத போன் பில்லைக் கேட்டார்கள். போஸ்ட்பெய்டு பில் ஆப்புக்குள் இருக்கிறது. புதுப் போனில் ஆப் என்னை யார் என்று கேட்கிறது. பதில் சொல்ல வேண்டிய சிம்முக்குப் பேச்சு மூச்சில்லை. ஆப்பிலேயே 'சிம் மாற்ற விண்ணப்பிக்க' என்று ஒரு வசதி இருப்பதாக வாடிக்கையாளர் சேவையில் ஒருவர் அன்போடு சொன்னார். அதற்கு முதலில் லாகின் செய்ய வேண்டுமாம்.

ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு கம்பெனியின் ஷோரூமுக்குப் போனேன். முனையில் ரீசார்ஜ் செய்யும் அண்ணாச்சி கடையில் புது சிம் கிடைக்கும். பழைய நம்பருக்கு டூப்ளிகேட் சிம் என்றால் ஷோரூமுக்குப் போகச் சொல்லிவிட்டார். டோக்கன் வாங்கி, முறை வந்து, கவுன்ட்டரில் உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண் நம்பரை அடித்துவிட்டு என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"நம்பர் யார் பேர்ல சார் இருக்கு?"

"என் பேர்லதான்."

"வேற பேர் வருதே சார்."

"என்ன பேர்?"

"அதை நான் சொல்லக் கூடாது. நீங்கதான் சொல்லணும்."

பத்தொன்பது வருஷம் பின்னால் போய்த் தேடினேன். 2006இல் நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். மேன்ஷன்வாசிக்கு முகவரிச் சான்று ஏது? வாடகை ரசீதை எந்த சிம் கம்பெனியும் மதிக்காது. குரோம்பேட்டையில் பெரியப்பாவிடம் ரேஷன் கார்டு இருந்தது. "அதுக்கென்னடா, என் பேர்ல வாங்கிக்கோ" என்றார். அன்று அவர் போட்ட கையெழுத்தில்தான் என் உத்தியோகம், கல்யாணம், வங்கிக் கணக்கு எல்லாம் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

"எஸ். கிருஷ்ணமூர்த்தி" என்றேன்.

"கரெக்ட் சார். அவரை ஒரிஜினல் ஆதாரோட நேர்ல வரச் சொல்லுங்க."

எண்பதைத் தாண்டிய மனிதரை எப்படி அழைப்பது என்ற தயக்கம் எனக்கு இருந்தது. அவருக்கு இல்லை. பெரியப்பா சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். 'ஆள் நேரில் வரவேண்டும்' என்று பிறரிடம் சொல்லியே ஓய்வு பெற்றவர். அந்த வாக்கியத்தை எதிர்த் தரப்பிலிருந்து கேட்டதும் அவருக்கு உடம்பில் ஒரு துடிப்பு வந்துவிட்டது. மறுநாள் சலவைச் சட்டை, விபூதி, நாடா கட்டிய ஃபைல் சகிதம் ஆட்டோவில் இறங்கினார்.

ஃபைலில் ஆதார் மட்டுமில்லை. ரேஷன் கார்டு, ஓய்வூதியப் புத்தகம், வீட்டுவரி ரசீது எல்லாவற்றுக்கும் மும்மூன்று ஜெராக்ஸ். ஒவ்வொன்றிலும் 'ஒரிஜினலுடன் ஒப்பிடப்பட்டது' என்று ரப்பர் ஸ்டாம்பும் கையெழுத்தும். யாரிடம் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

"ஜெராக்ஸ் வேண்டாம் ஐயா" என்றார் அந்தப் பெண்.

"அட்டஸ்டட் காப்பிம்மா."

"அதுவும் வேண்டாம். இப்ப பேப்பரே கிடையாது."

நிஜம்தான். 2024 ஜனவரி 1 முதல் சிம் கொடுக்கக் காகிதப் படிவம், காகித நகல் எல்லாம் நின்றுவிட்டன. ஆதார் விரல்ரேகை, அல்லது கடை ஊழியரின் கைப்பேசி செயலியில் அங்கேயே எடுக்கும் படம், இரண்டில் ஒன்றுதான். பெரியப்பா ஃபைலை மூடி நாடாவை முடிச்சுப் போட்ட விதத்தில் ஒரு யுகம் முடிந்தது தெரிந்தது.

முதலில் விரல்ரேகை. சின்னக் கண்ணாடிப் பெட்டியில் பெரியப்பா கட்டைவிரலை வைத்தார். பொருந்தவில்லை. துடைத்து வைத்தார். பொருந்தவில்லை. ஈரத்துணியால் ஒற்றி, ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று வரிசையாக எல்லா விரலும் ஆஜராயின. திரையில் ஒவ்வொரு தடவையும் 300 என்று ஒரு எண் வந்தது. விரலும் ஆதார் பதிவும் ஒத்துப்போகவில்லை என்பதற்கான குறியீடு அது. வயதானவர்களுக்குத் தோல் வறண்டு ரேகை தேய்ந்துபோவதால் இது சகஜம் என்றார் அந்தப் பெண். சகஜமாக எடுத்துக்கொள்ளும் நிலையில் பெரியப்பா இல்லை. குரோம்பேட்டை சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டியவர் அவர். அவர் விரலே செல்லாது என்று ஒரு தீப்பெட்டி சொல்கிறது.

"நீ சரியா உருட்டலைம்மா. இடமிருந்து வலமா உருட்டணும்" என்று விளக்கினார். இந்தக் கருவியில் உருட்டக் கூடாது, அழுத்தத்தான் வேண்டும் என்று அந்தப் பெண் விளக்கினார். எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் வாங்கிவரக் கிளம்பியேவிட்டார்.

கடைசியில் இரண்டாவது வழி. வெள்ளைச் சுவர் முன் பெரியப்பாவை நிறுத்தி, கண்ணைச் சிமிட்டச் சொல்லி ஒரு படம். சுவரில் இருப்பது போட்டோ அல்ல, உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்கச் சிமிட்ட வேண்டும். பெரியப்பா போட்டோவுக்குச் சிமிட்டக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை. கண்ணை விரித்துக்கொண்டு உயிரில்லாதவர் மாதிரியே நின்றார். ஒரு கொசு வந்து உதவியது. பிறகு ஒரிஜினல் ஆதாரைப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களில் தேதி, நேரம், கடை இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தானாகப் பதிவாகிவிடும். அதைக் கேட்டதும் பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "பத்திரத்துல நாலு எல்லை எழுதுற மாதிரி" என்றார்.

"கையெழுத்து எங்கம்மா போடணும்?"

"கையெழுத்துக்குப் பதிலா ஓடிபி ஐயா. செத்துப்போன நம்பருக்கு வராது. வீட்டுல வேற யார் நம்பராவது சொல்லுங்க."

என்னிடம் இன்னொரு நம்பர் இல்லை. கடைக்காரர்கள் தங்கள் நம்பரைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. பெரியம்மா நம்பரைக் கொடுத்தோம். அங்கேதான் எங்கள் கதை உண்மையிலேயே நின்றது.

பெரியம்மாவுக்கு ஓடிபி விஷயத்தில் பயிற்சி போதாது என்று யாரும் சொல்ல முடியாது. வங்கி சொல்லியிருக்கிறது, போலீஸ் சொல்லியிருக்கிறது, டிவியில் சொல்லியிருக்கிறார்கள், நானே சொல்லியிருக்கிறேன். கவுன்ட்டர் போனிலிருந்து பெரியப்பா அழைத்தார்.

"உனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு."

"யார் பேசறது?"

"நான்தான்டி."

"நான்தான்னா? இது தெரியாத நம்பரா இருக்கே."

குரல் தெரியவில்லையா என்று பெரியப்பா கேட்டார். இப்போதெல்லாம் குரலையும் மாற்றிப் பேசுகிறார்கள் என்றார் பெரியம்மா. நான் வாங்கிப் பேசினேன். இரண்டு பேராக வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டார். குறுஞ்செய்தியில், படிவத்தில் உள்ள விவரங்களைச் சரிபார்த்த பிறகே ஓடிபியைச் சொல்லவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எந்தப் படிவம்? நான் ஒண்ணும் பார்க்கலையே" என்று கேட்டார். அந்தச் செய்தியை அவ்வளவு மதித்துப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். கடைசியில் தன் நாத்தனார் பெயர், கல்யாணத்தன்று மழை பெய்ததா, மூத்தவளுக்கு மொட்டை போட்ட கோயில் எல்லாம் விசாரித்தார். மொட்டை விஷயத்தில் பெரியப்பா சறுக்கினார். அதற்குள் ஓடிபி காலாவதி ஆகிவிட்டது. அடுத்த ஓடிபியை, 'இதைச் சொன்னதற்கு நீங்களே பொறுப்பு' என்ற நிபந்தனையோடு வாசித்தார்.

சாயங்காலம் சிம்முக்கு உயிர் வந்தது. போன் பேச முடிந்தது, இணையம் ஓடியது. ஆப்பைத் திறந்து நம்பரைத் தட்டினேன். ஓடிபி வரவில்லை. ஷோரூமுக்குப் போன் செய்தால், "சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது சார், கவர்ன்மென்ட் ரூல்" என்றார் அதே பெண்.

கோபப்பட்டுப் பிறகு யோசித்தால் நியாயம் புரிகிறது. அடுத்தவர் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி, அதற்கு வரும் வங்கி ஓடிபியை வைத்துக் கணக்கைத் துடைத்துவிடுகிற திருட்டு ஒன்று உண்டு. ஒரிஜினல் ஆளின் போனில் திடீரென்று சிக்னல் போகும். அவர் டவர் கோளாறு என்று தூங்கிவிடுவார். ஒரு நாள் குறுஞ்செய்தியை நிறுத்தி வைத்தால் அவர் விழித்துக்கொண்டு ஓடிவர அவகாசம் கிடைக்கும். நியாயம் புரிந்தாலும் வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம் என்று ஒரு வீம்பு எழுந்தது. அதற்கு PORT என்று அடித்து, இடைவெளி விட்டு நம்பரையும் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். குறுஞ்செய்திதான் போகாதே. போனாலும், 2024 ஜூலை 1 முதல் வந்த விதிப்படி சிம் மாற்றிய ஏழு நாளைக்குள் கம்பெனி மாற முடியாது. எல்லாப் பக்கமும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி நம்பரைத் தட்டினேன். ஓடிபி வந்தது. ஆப் திறந்தது. மூன்று பில்லையும் இறக்கினேன். பிடிஎஃப் பாஸ்வேர்டு கேட்டது: வாடிக்கையாளர் பெயரின் முதல் நான்கு எழுத்தும் நம்பரின் கடைசி நான்கு இலக்கமும். KRIS போட்டேன், திறக்கவில்லை. இனிஷியலோடு SKRI, அதுவும் இல்லை. பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

"KIRU போட்டுப் பாரு" என்றார் யோசிக்காமல். திறந்தது.

"எப்படித் தெரியும் பெரியப்பா?"

"நேத்து அந்தத் திரையில பார்த்தேனே. ஆதார்ல கே ஆர் ஐ, இவங்ககிட்ட கே ஐ ஆர் யூ. 2006ல எவனோ கேட்டு எழுதினது. சொல்லலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள உங்க பெரியம்மா மொட்டைக்குப் போயிட்டா. அந்தப் பொண்ணு எப்படிடா அதை விட்டுது? எங்க ஆபீஸா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்."

"பில்லு வந்துடுச்சு, விடுங்க பெரியப்பா."

"எப்படி விடறது? பேர் தப்பா இருந்தா பிழைதிருத்தல் போட்டே ஆகணும். நாளைக்கு எத்தனை மணிக்குக் கடை திறப்பான்?"