மதுக்கரை டீக்கடைக் காட்சியில் உரிப்பொருள் இன்மை: ஓர் ஆய்வு

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, இன்னும் அச்சேறாத நாவல் ஒன்றின் ஏழாம் அத்தியாயமாக வரும் நான்கு பக்கக் காட்சி. ஆசிரியரின் மானம் கருதிப் பெயர் மறைக்கப்பட்டுள்ளது. களம் மதுக்கரை மார்க்கெட் ரோட்டில் ஒரு டீக்கடை. காலம் ஆடி மாத மாலை. மாந்தர் மூவர்: சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா, அவருடைய அக்கா மகன், டீ மாஸ்டர்.

காட்சியின் நிகழ்ச்சிகள் வருமாறு. அக்கா மகன் வருகிறான். டீ சொல்கிறார்கள். "காத்து என்னமா அடிக்குது பாருங் மாமா" என்கிறான். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைப் பற்றி மாமா ஒரு பத்தி பேசுகிறார். ஆலைத் தூசி பற்றி ஒரு பத்தி. வாளையார்ப் பக்கம் ஒரு ரயில் கூவுகிறது. 2016 ஜூன் மாதம் பிடிபட்டு, சில நாட்களிலேயே இறந்துபோன மதுக்கரை மகராஜ் யானையைப் பற்றி ஒன்றரைப் பக்கம். டீ தீர்கிறது. இருவரும் எழுந்து போகிறார்கள். மழை தூறத் தொடங்குகிறது.

ஆசிரியர் இக்காட்சியை மிகவும் நேசிக்கிறார். அந்த நேசமே முதல் நோய்க்குறி. எந்தக் காட்சியை எடுத்துவிடலாம் என்றால் ஆசிரியரின் முகம் வாடுகிறதோ, அதை முதலில் சோதிக்க வேண்டும்.

முதல் சோதனை வெட்டுச் சோதனை. நான்கு பக்கத்தையும் எடுத்துவிட்டு ஆறாம் அத்தியாயத்திலிருந்து நேரே எட்டுக்குப் போய்ப் படித்தோம். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு வரிகூடத் தடுமாறவில்லை. அங்கே யாருக்கும் இந்த டீயைப் பற்றித் தெரியாது.

இரண்டாம் சோதனை வாசல் சோதனை. ஒரு தாளின் இடப்பக்கம் ஒவ்வொருவரும் காட்சிக்குள் வரும்போது இருந்த நிலையையும், வலப்பக்கம் வெளியேறும்போது உள்ள நிலையையும் எழுத வேண்டும். கிடைத்த முடிவு: மாமா, உள்ளே ஓய்வுபெற்றவர், வெளியே ஓய்வுபெற்றவர். அக்கா மகன், உள்ளே அக்கா மகன், வெளியே டீ குடித்த அக்கா மகன். வானிலை மட்டும் மாறியிருக்கிறது. "மழை வந்ததே, அது மாற்றமில்லையா?" என்று ஆசிரியர் வாதிட்டார். மழையால் யாராவது வேறு முடிவு எடுத்திருந்தால் மாற்றம்தான். இங்கே யாரும் குடைகூட விரிக்கவில்லை.

யானை பற்றிய ஒன்றரைப் பக்கத்துக்குத் தனிக் கவனம் தேவை, ஏனெனில் ஆசிரியர் அதைத்தான் முரண் என்று நம்பியிருந்தார். இவ்வட்டாரத்து நாவல் முயற்சிகளில் இது பரவலான மயக்கம். யானை வந்தது, எல்லோரும் பார்த்தார்கள், யானை போயிற்று. இது சம்பவம். முரண் பிறக்க, அந்த இடத்தில் இருக்கும் ஒருவர் ஒன்றைக் கேட்க வேண்டும். அதே இடத்தில் இருக்கும் இன்னொருவருக்கு அதை மறுக்கும் வல்லமை இருக்க வேண்டும். யானை யாருடைய கோரிக்கையையும் மறுக்கவில்லை. காட்சியின் நடுவே சர்க்கரை கூடிவிட்டதென்று மாமா மாஸ்டரிடம் இரைவதும் இந்த வகைதான். அது சத்தம். வேறு டீ வந்ததும் தீர்ந்துபோகும்.

நோயின் பெயருக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் எழுத்துக் கற்பித்த டுவைட் ஸ்வைன், 1965-ல் வெளியான தம் நூலில், ஒரு காட்சிக்கு இலக்கு, முரண், இடறல் மூன்றும் வேண்டும் என்று வகுத்தது உண்மையே. ஆனால் நமது மாதிரியை அதைவிடக் கூர்மையாகப் பிடிப்பது தொல்காப்பியப் பொருளதிகாரம். இடமும் காலமும் முதற்பொருள். மாவும் மரமும் ஊரும் தொழிலும் கருப்பொருள். மனிதர் நெஞ்சில் நடப்பது உரிப்பொருள். முதலும் கருவும் இல்லாமல் ஒரு பாட்டு நிற்கலாம், உரி இல்லாமல் நிற்காது என்பது உரைகாரர் வழி வந்த புரிதல். நம் காட்சியில் ஆடிக் காற்று முதல். யானை, ரயில், சிமெண்ட் தூசி, டீ எல்லாம் கரு. கருப்பொருள் மட்டும் நாலு பக்கம். உரிப்பொருளுக்கு உட்கார பெஞ்சில் இடமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். முல்லையின் உரிப்பொருள் இருத்தல்தானே, தலைவி வெறுமனே காத்துத்தானே இருக்கிறாள், அங்கே என்ன மோதல் என்று. அவள் வெறுமனே இல்லை. கார்காலத்தில் வருவேன் என்றவன் வரவில்லை, மேகம் வந்துவிட்டது. அவளுக்கு ஒன்று வேண்டும், அது வரவில்லை, ஒவ்வொரு இடிக்கும் அவள் நம்பிக்கை ஒரு படி இறங்குகிறது. நம் அக்கா மகன் அப்படி எதற்கும் காத்திருக்கவில்லை, டீயைத் தவிர.

கொங்கு மண்ணிலேயே எதிர்ச்சான்று உண்டு. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-ல் வந்தது. கைம்பெண்ணான நாகம்மாளுக்குக் கொழுந்தனிடமிருந்து நிலத்தில் பாகம் வேண்டும். இந்த ஒன்று தெரிந்த பிறகு அந்த வீட்டில் யார் வெள்ளாமை பற்றிப் பேசினாலும் வாசகருக்கு அது வெறும் வெள்ளாமைப் பேச்சாகக் கேட்காது.

ஆகவே சிகிச்சையில் வசனத்தைத் தூக்கி எறியத் தேவையில்லை. ஆசிரியரிடம் ஒரே கேள்வி வைத்தோம்: டீ ஆறுவதற்குள் அக்கா மகனுக்கு மாமாவிடமிருந்து என்ன வேண்டும்? "நிம்மதி" என்றார். தள்ளுபடி செய்தோம். நிம்மதியை இன்னொருவர் கையால் கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பலமுறை தள்ளுபடியான பின், அவன் பவர்லூம் வாங்கக் கடன் கேட்டிருக்கிறான், அதற்கு மாமாவின் ஜாமீன் கையெழுத்து வேண்டும், தாள் சட்டைப் பையில் இருக்கிறது என்று வந்தது. முதல் பக்கத்தில் அந்தப் பையை ஒருமுறை தொடவைத்தோம். இரண்டு வரி சேர்த்தோம்:

"மாமா, அன்னிக்குச் சொன்னனுங்களே, அந்தப் பேங்க் விசயம்..."

"அது கெடக்கட்டும் மாப்ள. இந்தக் காத்தப் பாத்தியா?"

அதன்பின் காற்றுப் பத்தி அப்படியே இருந்தது, ஒரு சொல் மாறவில்லை. இப்போது அது மாமாவின் தப்பிக்கும் வழி. தூசிப் பத்தி இரண்டாவது வழி. யானை வரும்போது அக்கா மகனுக்கும் வாசகருக்கும் ஒன்றாகவே விளங்கிவிடுகிறது, இவர் கையெழுத்துப் போடப்போவதில்லை என்று. ஒன்றரைப் பக்கம் நீளம் என்று முன்பு நாம் குறைபட்டது, இப்போது அவன் அடக்கிக்கொண்டிருக்கும் நேரமாகிவிட்டது. ஆயினும் ஆலையின் வரலாற்றைச் சொல்லும் எட்டு வரி எந்தச் சிகிச்சைக்கும் அசையவில்லை. அதை ஒற்றை வாக்கியமாக்கி முந்தைய அத்தியாயத்துக்கு அனுப்பினோம். காட்சியாக இருக்கத் தேவையில்லாதவை பல உண்டு. தகவலாகச் சொல்லிவிட்டால் அவற்றுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

மீதமிருந்தது முடிவு. மூலப் பிரதியில் இரண்டு டீக்கும் காசு கொடுத்தது யார் என்பது சொல்லப்படவே இல்லை. கொங்கு நாட்டு டீக்கடையில் நம்ப முடியாத குறை இது. "நீங்க இருங், நாங் குடுக்கறேன்" என்று கையைப் பிடித்துத் தள்ளும் அந்த அரை நிமிடத்தில் கோரிக்கை, மறுப்பு, ஒருவர் தோற்பது என்ற மூன்றுமே இருக்கின்றன. ஆசிரியரோ மழையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திருத்திய பிரதியில் மாமா அவசரமாக எழுந்து இரண்டு டீக்கும், அவன் சாப்பிடாத வடைக்கும் சேர்த்துக் காசு நீட்டுகிறார். எப்போதும் கையைப் பிடித்துத் தடுக்கும் அக்கா மகன் இன்று தடுக்கவில்லை.

டீ மாஸ்டருக்கு என்ன வேண்டும் என்பது ஆராயப்படவில்லை. மாமாவின் பழைய பாக்கி முப்பது ரூபாய் என்று ஆசிரியர் இப்போது சொல்கிறார். எட்டாம் அத்தியாயத்துக்கு அது உதவுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.