பூச்சியக் கட்டணப் புண்ணியவான்கள்

ஒரு சதம் கூலி கேட்காமல், றியாத்தில் கொடுத்த காசை மடுவில் இருக்கும் தாயின் கையில் சேர்ப்பிக்கும் புண்ணியவான்கள் பெருகிவிட்ட காலம் இது. இவர்களுக்குக் கண்ணாடி மாளிகையில் தலைமையகம் உண்டு, தெருவுக்குத் தெரு முகவர்கள் உண்டு, துடுப்பாட்டத்துக்கு நடுவே சிரித்த முகங்களோடு விளம்பரம் உண்டு. ஆனால் கட்டணம் பூச்சியமாம். மடு மாதாவிடம் நேர்த்தி வைத்தாலும் ஒரு மெழுகுதிரியாவது கொளுத்த வேண்டியிருக்கிறது. இந்த மகான்கள் அதுவும் கேட்பதில்லை.

பிறகு எதைத் தின்று கொழுக்கிறார்கள்?

புளிக்கட்டியைத் தராசுத் தட்டின் அடியில் ஒட்டிவைத்த வியாபாரி தனிக் கூலி கேட்கமாட்டான், கேட்கத் தேவையில்லை. இவர்களின் புளிக்கட்டி ஒட்டியிருக்கும் இடம் நாணய மாற்று விலை. சாளரத்தின் மேல் பெரிய எழுத்தில் ஒளிரும் அந்த எண்ணை எல்லோரும் பார்க்கிறோம். பார்க்கிற இடத்திலேயே ஒளித்துவைப்பதுதான் இந்தத் தொழிலின் கெட்டித்தனம்.

உலகச் சந்தையில் வங்கிகள் ஒன்றுக்கொன்று டொலர் வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை சொல்லும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது நடுவிலை. கைப்பேசியில் தேடினால் கூகுள் காட்டும் விலை ஏறத்தாழ அதுதான். தெருவில் நிற்கிற எவருக்கும் அந்த விலை அப்படியே கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகவருக்குக் கூலி வேண்டும், ரொக்கம் தயாராக இருக்க வேண்டும், விலை திடீரென்று சரிந்தால் நட்டத்தைத் தாங்க வேண்டும். இதற்கெல்லாம் காசு எடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? எடுத்த காசுக்குப் பெயர் சொல்லு என்பதுதான் கேள்வி.

வளைகுடாவில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. சவூதி றியாலை 1986 முதல் டொலருக்கு 3.75 என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். அது அசைவதில்லை. ஆகவே றியாலின் நியாயமான ரூபா விலையை அறியப் பொருளியல் படிக்க வேண்டாம், டொலரின் நடுவிலையை 3.75ஆல் பிரித்தால் போதும். டொலர் 300 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். றியால் 80 ரூபா. சாளரத்தில் ஒளிர்வதோ 77 ரூபா 90 சதம். வீட்டுவேலை செய்யும் பெண் ஒருத்தி ஆயிரம் றியாலை நீட்டுகிறாள். ஊரில் விழுவது 77,900. விழ வேண்டியது 80,000. நடுவில் 2,100 ரூபா காணாமல் போய்விட்டது. ரசீதைப் பார்த்தால் "கட்டணம்: 0.00" என்று அச்சடித்திருக்கிறது. நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் எடுத்துக்கொண்டு பூச்சியத்தை இரண்டு தசமதானம் வரை துல்லியமாக எழுதும் நேர்மையை என்னவென்று புகழ்வது!

அடுத்த கடைக்காரன் கொஞ்சம் அப்பாவி. அவன் 15 றியால் கட்டணம் என்று வெளிப்படையாக எழுதிவைத்து, றியாலுக்கு 79 ரூபா 60 சதம் தருகிறான். கட்டணம் போக மிஞ்சும் 985 றியாலுக்கு 78,406 ரூபா வருகிறது. இலவசக்காரனைவிட 506 ரூபா அதிகம். ஆனாலும் சனம் எங்கே வரிசையில் நிற்கும்? இலவசத்தில்தான். பதினைந்து றியால் கண்ணில் குத்துகிறது, ரூபாவின் தசமப்புள்ளிக்குப் பின்னால் நடப்பது குத்துவதில்லை. மாதாமாதம் இப்படி அனுப்பி இரண்டு வருட ஒப்பந்தத்தை முடித்து வருகிறவள் 50,400 ரூபாவை இலவசச் சேவைக்குக் கொடுத்திருப்பாள். கொடுத்தது அவளுக்கே தெரியாது.

வேறு ஒரு கூட்டத்துக்குத் தெரியும். வெஸ்டர்ன் யூனியன் ஆண்டுதோறும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குறுத்துநருக்குக் கொடுக்கும் அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். கட்டண வருமானத்தோடு, வாடிக்கையாளருக்கு நிர்ணயிக்கும் மாற்று விலைக்கும் மொத்தச் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசமும் தங்கள் வருமானம் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள். அதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. பங்குதாரருக்குச் சொல்வதைப் பணிப்பெண்ணுக்கும் சொல்லவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2013 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி ஓரளவு நல்லது. கட்டணம், மாற்று விலை, மறுமுனையில் கிடைக்கும் தொகை எல்லாவற்றையும் காசு வாங்க முதலே காட்ட வேண்டும் என்கிறது. நடுவிலையிலிருந்து எவ்வளவு கழித்தோம் என்பதைக் காட்டச் சொல்ல மட்டும் அந்த விதிக்கும் நா எழவில்லை.

பெரிய மனிதர்கள் கவலைப்படவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். 2009இல் இத்தாலியின் லாக்குயிலா நகரில் கூடிய ஜி-8 தலைவர்கள், கூலிக்காரர் காசு அனுப்பும் செலவை ஐந்து வருடத்தில் நூற்றுக்குப் பத்திலிருந்து ஐந்தாகக் குறைப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2014 வந்து போனது, ஐந்து வரவில்லை. உடனே ஐக்கிய நாடுகள் சபை 2030க்குள் மூன்றாக்குவோம் என்று அதைவிடப் பெரிய வாக்குக் கொடுத்தது. 200 டொலர் அனுப்பும் செலவை, மாற்று விலையில் ஒளிந்திருப்பதையும் சேர்த்தே, உலக வங்கி அளந்து வருகிறது. உலகச் சராசரி இன்னும் ஆறுக்கு மேல்தான். அளக்கும் வேலை மட்டும் சுணங்காமல் நடக்கிறது.

வங்கிக்கு வங்கி அனுப்பினால் தப்பலாம் என்று நினைப்பவர்கள் மேற்கே இருக்கிறார்கள். 1990களில் மடுக் கோயில் வளவில், அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகரகம் நடத்திய நிவாரண நிலையத்தில், மரத்துக்கு மரம் தறப்பாள் கட்டி இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறார்கள். ரொறொன்ரோவில் இருந்து வங்கி மூலம் போட்டால், கனேடிய டொலர் முதலில் அவர்களின் சொந்த வங்கியிலேயே அமெரிக்க டொலராக மாறும், அந்த வங்கி சொல்லும் விலையில். வழியில் நிற்கும் இடைத்தரகு வங்கி தன் பங்கைப் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். இங்கே வந்ததும் எங்கள் வங்கி தன் கொள்வனவு விலையில் ரூபாவாக்கும். கொள்வனவு 296, விற்பனை 304 என்று பலகையில் போட்டிருந்தால் நடுவிலை 300. டொலருக்கு நான்கு ரூபா அங்கே போகிறது. மூன்று இடத்தில் முடி மழித்த பிறகுதான் காசு முருங்கனுக்கோ மன்னாருக்கோ வந்து சேரும். எடுக்கப் போகும் பஸ் காசு தனி.

ஆனால் எந்தக் கம்பெனியும் துணியாத கழிவை ஒரு தடவை அரசே எடுத்தது. கம்பெனியைத் திட்டி முடித்த எனக்கு உண்மையில் வயிறு எரிவது அதை நினைத்தால்தான். 2021 செப்ரெம்பரிலிருந்து 2022 மார்ச் 7 வரை, அஜித் நிவார்ட் கப்ரால் ஆளுநராக இருந்த மத்திய வங்கி டொலரை 200க்கும் 203க்கும் இடையில் பிடித்துவைத்திருந்தது. வங்கியில் டொலர் கிடைக்காத இறக்குமதியாளர் வெளியே 240 கொடுத்தும் வாங்கத் தயாராக இருந்தார்கள். உண்டியல்காரரின் விலை அங்கிருந்து வந்தது. றியாத்தில் அவர் ஆளிடம் றியாலைக் கொடுத்தால் இங்கே அவர் ஆள் ரூபாவைக் கொடுப்பார், அந்த வெளிநாட்டுக் காசு நாட்டுக்குள் வராமலே இறக்குமதியாளரின் கணக்கைத் தீர்க்கும்.

அந்த நாட்களில் டொலர் 203 என்றே வைத்தாலும் ஆயிரம் றியாலுக்கு வங்கியில் கிடைத்தது 54,133 ரூபா. 2021 டிசெம்பரில் டொலருக்குப் பத்து ரூபா ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். அதையும் கூட்டினால் 56,800. டொலர் 240 போன உண்டியலில் 64,000. அதாவது ஊக்கம் கொடுத்த பிறகும் 7,200 ரூபாவை அரசு நடுவில் நின்று எடுத்தது. நூற்றுக்குப் பதினொன்று! இலவசக்காரன் எடுத்ததைப் போல நான்கு மடங்கு. இத்தனைக்கும் உண்டியலில் அனுப்புவது சட்டவிரோதம், நாட்டுக்குச் செய்யும் துரோகம் என்ற உபதேசம் வேறு. ஒருத்தி பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டுப் போய் அடுத்தவன் வீட்டுக் கழிப்பறை கழுவி அனுப்பும் காசில் பதினொரு வீதம் கழிப்பது தேசபக்தி, அதைக் கொடுக்க மறுப்பது துரோகம். சனம் துரோகத்தைத் தேர்ந்தது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக வந்த காசு 2021இல் 5.5 ஆகவும் 2022இல் 3.8 ஆகவும் விழுந்தது. மார்ச்சில் பிடியை விட்டார்கள். மே மாதத்தில் டொலர் 360 அளவில் நின்றது. பெப்ரவரியில் உபதேசத்தைக் கேட்டு வங்கியில் போட்ட அப்பாவிகளிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

உண்டியலுக்கு நான் விளம்பரம் செய்யவில்லை. ரசீது கிடையாது, ஆள் மாறிவிட்டால் கேட்க நாதி கிடையாது, யாருடைய எந்தக் காசு உங்கள் கணக்கில் விழுகிறது என்பதும் தெரியாது. பொலிஸ் வந்தால் பதில் சொல்லப்போவது பெற்றவள்தான். உண்டியல்காரரின் விலையும் நடுவிலை அல்ல, அவரும் புளிக்கட்டி ஒட்டத்தான் செய்கிறார்.

ஆகவே பிள்ளைகள் சாளரத்தில் கட்டணத்தை விசாரிப்பதை நிறுத்தட்டும். "என்னட்ட இருந்து எல்லாமாச் சேர்த்து ஆயிரம் றியால் எடுத்தா, அம்மாட கையில எத்தினை ரூபா விழும்?" என்று மட்டும் கேட்கட்டும். இரண்டு மூன்று இடத்தில், ஒரே மணித்தியாலத்துக்குள் கேட்கட்டும். விலை நேரத்துக்கு நேரம் மாறும், நேற்றைய விலையை இன்றைய விலையோடு ஒப்பிட்டால் ஏமாறுவோம். முதல் தடவை அனுப்பும்போது தந்த விலையை நம்பி அடுத்த தடவை கேட்காமல் விடவும் கூடாது, பலர் அதைத் தூண்டில் இரையாகத்தான் போடுகிறார்கள். வங்கிக் கணக்கில் போட ஒரு விலையும் ரொக்கமாக எடுக்க ஒரு விலையும் இருக்கலாம், அதையும் கேட்கட்டும். சந்தை பூட்டியிருக்கும் சனி, ஞாயிறில் சிலர் கூடுதலாகக் கழித்துவைப்பார்கள். திங்கள் வரை பொறுக்க முடியுமென்றால் பொறுக்கட்டும்.

அரசாங்கத்திடம் கேட்க ஒன்றே ஒன்று உண்டு. ரசீதில் கட்டணத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி: நடுவிலை இவ்வளவு, நாங்கள் தந்தது இவ்வளவு, வித்தியாசம் இத்தனை ரூபா. கழித்தலைச் செய்ய ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை போதும். கம்பெனிக்காரர் ரசீதில் இடமில்லை என்பார்கள். உண்மைதான், பாதித் தாளில் நன்றி சொல்லியிருக்கிறார்கள், மீதிப் பாதியில் அடுத்த தடவையும் கட்டணம் இலவசம் என்று போட்டிருக்கிறார்கள்.