ரிகார்டிங் சார்

எல்லா ஆபீசிலும் ஒரு ரிகார்டிங் சார் இருப்பார். நிர்வாகப் பிரிவில், ஃபேனுக்கு நேர் கீழே, இரண்டே விரலால் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பார். அவருடைய மெயில் இப்படித்தான் தொடங்கும்: ‘ரிகார்டிங் த ஏசி இன் செகண்ட் ஃப்ளோர்.’ முற்றுப்புள்ளி. அந்த ஏசிக்கு என்ன? ஓடவில்லையா, ஒழுகுகிறதா, களவு போய்விட்டதா? சார் சொல்லமாட்டார். புள்ளி வைத்ததோடு அவர் வேலை முடிந்தது.

இந்தப் பழக்கம் ஆபீஸ் கடிதங்களிலிருந்து வந்தது. அவற்றின் தலைப்பில் ‘சப்:’ என்று போட்டு, விஷயத்தை எழுதி, ஒரு சிறு கோடு இழுத்து ‘ரெக்.’ என்று முடிப்பார்கள். தமிழ்க் கடிதத்திலும் ‘பொருள்’ வரி ‘தொடர்பாக’ என்றுதான் முடியும். தலைப்பு வரிக்கு வினைச்சொல் வேண்டியதில்லை. அங்கே அது சரிதான். சார் அதை அப்படியே மெயிலுக்குள் இறக்கிவிட்டார். வேர்டில் அடித்தால் கீழே கோடு வருகிறது. ஏதோ அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிடுகிறார்.

திருத்துவது பெரிய காரியமில்லை. ரிகார்டிங்கைத் தூக்கிவிட்டு, ஏசியையே எழுவாயாக வைத்து ஒரு வினைச்சொல் கொடுத்தால் போதும்: ‘த செகண்ட் ஃப்ளோர் ஏசி இஸ் லீக்கிங்.’ புள்ளியைக் கமாவாக்கி அடுத்த வாக்கியத்தோடு ஒட்டலாமே என்பீர்கள். சாரின் அடுத்த வாக்கியம் ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.’ ஒட்டினாலும் ஏசி ஒழுகுவது ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் ‘ஆஸ் பெர்’ இருக்கிறதே, அதற்குக் கமா வைப்பது பண விவகாரம். போன வாரம் சார் அனுப்பியது: ‘த வெண்டர் வில் கம் ஆன் ஃப்ரைடே. ஆஸ் பெர் அவர் டிஸ்கஷன் ஆன் டியூஸ்டே. ப்ளீஸ் ஹோல்ட் த பேமென்ட்.’

நடுவில் நிற்கும் அந்தத் துண்டு யாரோடு சேரும்? முன் வாக்கியத்தோடு சேர்த்தால், பேசி முடிவானது வெள்ளிக்கிழமை வருகை மட்டும். பணத்தை நிறுத்தச் சொல்வது சாரின் சொந்த யோசனை. பின் வாக்கியத்தோடு சேர்த்தால், பணத்தை நிறுத்துவதே பேசி எடுத்த முடிவு. வெண்டர் சண்டைக்கு வந்தால் காட்ட வேண்டியது இந்த மெயிலைத்தான். இலக்கணம் தெரிந்தவர் இரண்டு பக்கமும் ஒட்டித் தருவார். எது சரி என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

அக்கவுண்ட்ஸ் பெண் நேரே போய்க் கேட்டாள். “சார், செவ்வாய்க்கிழமை எதைப் பேசினீங்க? வெண்டர் வர்றதையா, பேமென்ட்டை நிறுத்தறதையா?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெயிலைத் திறந்து படித்தார். காலண்டரைப் பார்த்தார்.

“செவ்வாய்க்கிழமையா? அன்னிக்கு நான் லீவும்மா.”