நோட்டில் இருப்பது படிவத்தில் ஏறுமா?

கே: எட்டாம் வகுப்புக் கணக்குக்கு நோட்டில் இப்படிக் கிறுக்கி வைத்திருக்கிறேன்: ‘விழுக்காடு புரியவைக்கணும். பூ மார்க்கெட் கமிஷன். போர்டில் 2 கணக்கு. குழு வேலை. கேள்வி. 1,980-ம்பாங்க!’ தலைமையாசிரியர் இதைப் பாடக்குறிப்புப் படிவத்தில் கேட்கிறார். எங்கே தொடங்க?
– கணித ஆசிரியை, கீரமங்கலம்

ப: ‘புரியவைக்கணும்’ என்பதில் தொடங்குங்கள். அது உங்கள் ஆசை. நோக்கம் என்ற கட்டத்தில் பிள்ளைகள் செய்யப்போவது வரவேண்டும். அமெரிக்கரான ராபர்ட் மேகர் 1962-இல் எழுதிய புத்தகத்தில் நோக்கத்துக்கு மூன்று உறுப்பு சொன்னார்: என்ன செய்வார், எந்த நிலையில், எவ்வளவு சரியாக. அதன்படி உங்கள் நோக்கம் இது: ‘கமிஷன் விழுக்காடும் கைக்கு வந்த தொகையும் தந்தால், பூ விற்ற தொகையை 3 கணக்கில் 2-லாவது சரியாகக் கண்டுபிடிப்பார்.’ ‘புரிந்துகொள்வார்’ என்று எழுதினால் தலையாட்டிய அத்தனை பேரும் பாஸ்!

கே: நேரத்தை எப்படிப் பிரிப்பது?

ப: கடைசியிலிருந்து. 45 நிமிடத்தில் மதிப்பீட்டுக்கு 8, வீட்டுக்கணக்குக்கு 3 என்று முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். மீதி 34. பூ மார்க்கெட் பேச்சுக்கு 5, போர்டில் 2 கணக்குக்கு 12, குழு வேலைக்கு 17. முன்னாலிருந்து பங்கு போட்டால் மல்லிகை விலையைப் பேசியே பத்து நிமிடம் போகும், ஊர் அப்படி. பிறகு மணி அடிக்கும்போது பறிபோவது எப்போதும் மதிப்பீடுதான். நோக்கத்தில் சொன்ன அந்த 3 கணக்கு அங்கேதான் இருக்கிறது.

கே: ‘1,980-ம்பாங்க’ என்பதற்குப் படிவத்தில் கட்டமே இல்லையே. விட்டுவிடலாமா?

ப: நோட்டிலேயே விலைமதிப்பான வரி அதுதான், அம்மா! 10% கமிஷன் போகக் கைக்கு 1,800 ரூபாய் வந்தது, விற்றது எவ்வளவு என்று கேட்டால், பிள்ளைகள் 1,800-க்கே 10% போட்டு 180-ஐக் கூட்டி 1,980 என்பார்கள். கமிஷன் பிடித்தது விற்ற தொகையில். 1,800 என்பது அதில் 90%. ஆகவே விடை 2,000. இந்தத் தவறையும், ‘1,980-க்குக் கமிஷன் கழித்துப் பார்’ என்ற உங்கள் மறுகேள்வியையும் குழு வேலைக் கட்டத்திலேயே எழுதுங்கள். கழித்தால் 1,782 வரும், பிள்ளைகளே விழிப்பார்கள். இந்த வரி இல்லாத படிவம் எந்த ஊருக்கும் பொருந்தும், எந்த வகுப்புக்கும் உதவாது.

கே: அடுத்த வருஷம் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

ப: தாராளமாக. ஆனால் ‘திட்டமிட்ட நேரம்’ பக்கத்தில் ‘ஆன நேரம்’ என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். குழு வேலைக்கு 17 போட்டு 24 ஆனால், அடுத்த முறை ஒரு கணக்கைக் குறைக்கலாம். இரண்டு பத்தியும் வருஷம் முழுக்க அச்சாக ஒத்துப்போனால், ஒன்று நீங்கள் சுவர்க் கடிகாரம். இல்லையென்றால் படிவம் ஞாயிற்றுக்கிழமை நிரப்பப்பட்டது!