மாப்பிள்ளைக்கு ஒரு வாழ்த்துப்பா

கேள்வி: நண்பன் திருமண வரவேற்பில் வாசிக்க ஒரு கவிதை எழுதுகிறேன். அவனுடைய கல்லூரிக் காதலை லேசாகத் தொட்டால் கலகலப்பாக இருக்குமே? (கும்பகோணம் வாசகர்)

இருக்கும், நண்பர்கள் மட்டும் கூடும் விருந்தில். மைக் முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பெண்ணின் பெரியப்பா. தவிர, வாழ்த்து மடலைச் சட்டம் போட்டு வேறு கொடுப்பீர்கள். அது கூடத்துச் சுவரில் தொங்கும்.

கேள்வி: பெயர் எதுவும் சொல்லவில்லை. "கடைசியில் ஒருத்தியிடம் மாட்டினான்" என்றுதான் எழுதினேன். தப்பா? (திருநெல்வேலி வாசகர்)

'கடைசியில்' என்றால் முதலில் யார்? மண்டபமே கணக்குப் போடும். 'ஒருவழியாக', 'இவளாவது', 'இனிமேலாவது' எல்லாம் இதே ரகம்தான். பெயரை மறைத்தாலும் இந்தச் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை அடித்த பிறகு கவிதையில் ஒன்றுமே மிஞ்சவில்லையா? அப்படியானால் நீங்கள் எழுதியது மாப்பிள்ளையைப் பற்றியே அல்ல. அவனிடம் இன்றைக்கும் இருக்கிற, நாளைக்கே மனைவி கண்ணில் படப்போகிற ஒரு அசட்டுப் பழக்கத்தைப் பிடியுங்கள்.

கேள்வி: பழக்கம் கிடைத்துவிட்டது, தினமும் சாவியைத் தொலைப்பான். எதுகைதான் கிடைக்கவில்லை. 'தேன்', 'மான்' தவிர ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. (ஈரோடு வாசகர்)

நீங்கள் வரியின் வாலில் தேடுகிறீர்கள். அது இயைபு. தமிழ்ச் செய்யுளுக்குப் பிடி தலையில் இருக்கிறது. அடிகளின் முதற்சொல்லில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. அதற்கு முந்தைய எழுத்து இரண்டிலும் நெடிலாகவோ இரண்டிலும் குறிலாகவோ இருக்கவேண்டும். 'பட்டு'க்குப் 'பாட்டு' ஒத்துவராது, 'தட்டு' ஒத்துவரும். 'சாவி'க்குக் 'கூவி' இருக்கவே இருக்கிறது. அடிக்கு நான்கு சீர் வைத்து இப்படிப் போகலாம்:

சாவியைத் தேடியே காலையைத் தொலைப்பான்
கூவியே தெருவின் தூக்கத்தைக் கலைப்பான்
சட்டையின் பையிலே இருப்பதைக் கண்டு
குட்டியாய்த் துள்ளிக் குதிப்பதும் உண்டு
வீட்டுச் சாவியை உன்கையில் தந்தோம்
பூட்டையும் கூட்டியே மேடைக்கு வந்தோம்!

நான்காம் அடியில் "கட்டிலில் ஏறிக் குதிப்பதும் உண்டு" என்றாலும் எதுகை கச்சிதமாகப் பொருந்தும். கல்யாண மேடையில் கட்டிலை இழுத்தால் பின்வரிசை விசிலடிக்கும், முன்வரிசை முகம் சுளிக்கும். எதுகை வாய்த்தது என்பதற்காக எல்லாச் சொல்லையும் உள்ளே விடக்கூடாது.

கேள்வி: மணப்பெண்ணையும் கொஞ்சம் வாரலாமா? (மதுரை வாசகி)

அவரோடு எத்தனை நாள் பழக்கம் உங்களுக்கு? நிச்சயதார்த்தத்தில் பார்த்ததோடு சரி என்றால் வேண்டாம். கேலி முழுக்க மாப்பிள்ளை தலையில் விழட்டும், கடைசி இரண்டடியில் பெண்ணின் கை ஓங்கட்டும். மேலே சாவி அவர் கைக்குப் போனது அதனால்தான். பெண் வீட்டாரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

கேள்வி: நாற்பது அடி எழுதிவிட்டேன். வாசிக்கலாமா? (சேலம் வாசகர்)

தாராளமாக. பந்தி போட்டாயிற்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டாயிற்று என்றால் எட்டாவது அடியைக் கேட்க மணமக்களும் போட்டோகிராபரும்தான் இருப்பார்கள்.